எழுத்து தெரியாத பிள்ளைக்குத் தமிழ் டப்பிங் படம்: காதால் தேர்ந்தெடுக்க ஒரு வழிகாட்டி

என் மகளுக்கு நாலு வயது நடந்தபோது ஒரு மதியம் அனிமேஷன் படம் ஒன்றைப் போட்டு உட்கார வைத்தேன். தமிழ் என்று போட்டிருந்தது, தமிழில்தான் பேசினார்கள். அரை மணி நேரம் கழித்துத் திரும்பி, "அம்மா, அந்தக் குட்டி ஏன் அழுவுது?" என்று கேட்டாள். அதற்கு ஒரு நிமிடம் முன்னால்தான் படத்தில் ஒரு கிழட்டு ஆமை, "உங்க அம்மா இனிமே வரமாட்டாங்க" என்று சொல்லியிருந்தது. நான் பின்னால் ஓட்டிப் பார்த்தேன். "வர" என்பதுவரை தெளிவாக இருந்தது. அதற்கு மேல் இடி முழக்கம். வருவாங்களா, வரமாட்டாங்களா என்பது இடியோடு போய்விட்டது.

எனக்கு அது புரிந்ததற்குக் காரணம், கீழே ஓடிய ஆங்கில சப்டைட்டிலை என்னையறியாமல் படித்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு அந்த வசதி கிடையாது. நம் மொழியில் இன்னொரு சங்கடமும் இருக்கிறது. வாக்கியத்தின் உயிர் கடைசிச் சொல்லில் இருக்கும். யார் செய்தார், எப்போது செய்தார், செய்தாரா செய்யவில்லையா, எல்லாமே வினைச்சொல்லின் வாலில் ஒட்டிக்கொண்டு வரும். "போனான்", "போகலை", "போகாதே", "போகட்டும்" நான்கும் ஒரே எழுத்தில்தான் தொடங்குகின்றன. வால் அமுங்கினால் கதையே தலைகீழாகிவிடும். அதனால் படிக்கத் தெரியாத பிள்ளைக்குப் படம் தேர்ந்தெடுப்பது என்றால், பாதி வேலை அதன் தமிழ் ஒலியைத் தேர்ந்தெடுப்பதுதான். ஒரு படத்துக்கு இருபது நிமிடம் ஒதுக்கினால் போதும். நான் செய்யும் வரிசையிலேயே சொல்கிறேன்.

1. தமிழ் ஒலி நிஜமாகவே இருக்கிறதா

"தமிழில்" என்று எழுதியிருப்பதை நம்பி டிவி முன்னால் பிள்ளையை உட்கார வைத்துவிடாதீர்கள். அந்தச் சொல்லுக்கு மூன்று நான்கு பொருள் உண்டு. தமிழ் சப்டைட்டில் மட்டும் இருக்கலாம். டிரெய்லர் மட்டும் தமிழில் வந்திருக்கலாம். யூடியூபில் என்றால், ஒருவர் படத்தை வெட்டி ஒட்டிக் கதையைத் தன் குரலில் சொல்லிக்கொண்டே போகும் விளக்க வீடியோவாக இருக்கலாம். அது டப்பிங் ஆகாது. பாத்திரங்கள் பேசுவதே கேட்காது. பிள்ளைகள் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள் என்பது உண்மைதான், ஆனால் அது வேறு சமாச்சாரம்.

சரிபார்க்க ஒரே வழி, படத்தை ஓடவிட்டு ஒலிப் பட்டியலைத் திறப்பதுதான். நெட்ஃபிளிக்ஸில் Audio & Subtitles என்ற இடத்தில் Audio என்பதற்குக் கீழே Tamil இருக்க வேண்டும். Subtitles என்பதற்குக் கீழே இருந்தால் நமக்குப் பயனில்லை. மற்ற செயலிகளிலும் கிட்டத்தட்ட இதே மாதிரிதான், ஓடும் படத்தின் மேல் தட்டினால் மொழிப் பட்டியல் வரும். நெட்ஃபிளிக்ஸின் இணையப் பக்கத்தில் Browse by Languages என்று ஒரு வழி இருக்கிறது. அதில் Dubbing, Tamil என்று தேர்ந்தெடுத்தால், தமிழ் டப்பிங் உள்ள படங்கள் மட்டும் வரிசையாக வரும். ஒவ்வொரு படமாகத் திறந்து ஏமாறுவதற்கு இது எவ்வளவோ மேல்.

வெளிநாட்டில் இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். படத்தின் உரிமை நாட்டுக்கு நாடு வேறு. ஊரில் இருக்கும் தங்கை "தமிழ்ல இருக்கு அக்கா, பாரு" என்பாள், அதே செயலியில் அதே படம் உங்கள் நாட்டில் தமிழ் இல்லாமல் இருக்கும். பொய் சொன்னது தங்கை அல்ல.

ஓடவிட்ட பிறகு இரண்டு நிமிடமாவது பாருங்கள். சில செயலிகள் முந்தைய படத்துக்கு வைத்த மொழியையே இதற்கும் எடுத்துக்கொள்ளும். நேற்று நீங்கள் ஆங்கிலத்தில் ஏதோ தொடர் பார்த்திருந்தால், இன்று பிள்ளையின் படம் ஆங்கிலத்தில் தொடங்கும். பிள்ளைக்கென்று தனி புரொஃபைல் வைத்து, அதில் எப்போதும் தமிழையே ஓடவிட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும்.

இரண்டாம் பாகம், மூன்றாம் பாகம் என்று வரும் படங்களில் எல்லாப் பாகத்துக்கும் தமிழ் இருக்கும் என்று எண்ண வேண்டாம். ஒரு பாகத்துக்கு இருக்கும், மற்றதற்கு இருக்காது. இருந்தாலும் குரல் மாறியிருக்கும். பெரியவர்களுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. நாலு வயதுப் பிள்ளை, "இது அந்தக் கரடி இல்ல" என்று அடித்துச் சொல்லிவிட்டு எழுந்து போய்விடும்.

2. கண்ணை மூடிக்கொண்டு மூன்று இடத்தில் கேளுங்கள்

இதுதான் முக்கியமான படி, இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும்.

படத்தின் மூன்று இடங்களை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் ஐந்து நிமிடம் ஒன்று. நடுவில் இரண்டு பேர் சாதாரணமாகப் பேசிக்கொள்ளும் காட்சி ஒன்று. மூன்றாவது, படத்தின் முக்கால் பாகத்தில், சண்டையோ துரத்தலோ நடக்கும் இடம். தொண்ணூறு நிமிடப் படமென்றால் அறுபத்தைந்திலிருந்து எழுபது நிமிடத்துக்குள் அது வரும். ஒவ்வொன்றிலும் மூன்று நிமிடம் திரையைப் பார்க்காமல் கேளுங்கள். எதிர்ச் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்தாலும் சரி. படத்தைப் பார்த்தால் உங்கள் மூளை விட்டுப்போன வார்த்தைகளைத் தானே நிரப்பிக்கொள்ளும். பிள்ளைக்கு அவ்வளவு அனுபவம் கிடையாது.

முதலில் கேட்க வேண்டியது அந்த வால். ஒவ்வொரு வாக்கியமும் கடைசி அசைவரை காதில் விழுகிறதா? டப்பிங் செய்கிறவர்களுக்குப் படத்தின் இசையும் சத்தங்களும் தனித் தடமாக வரும். பேச்சை மட்டும் தமிழில் பதிவு செய்து அதன்மேல் சேர்க்கிறார்கள். சேர்க்கும்போது கவனமாக இருந்தால் பேச்சு வரும் இடத்தில் இசையைக் கொஞ்சம் தாழ்த்துவார்கள். அவசரமாகச் செய்தால் இரண்டு விதத்தில் தெரியும். ஒன்று, பேச்சு ரேடியோச் செய்தி மாதிரி எல்லாவற்றுக்கும் மேலே ஒட்டாமல் மிதக்கும். குகைக்குள் பேசினாலும் கடற்கரையில் பேசினாலும் ஒரே குரல், எதிரொலியே இருக்காது. இது அழகில்லை, ஆனால் பிள்ளைக்குப் புரியும். மற்றது, பேச்சு இசைக்கு அடியில் போய்விடும். இதுதான் ஆபத்து. மூன்றாவது இடமாகச் சண்டைக் காட்சியைக் கேட்கச் சொன்னதற்குக் காரணமே இதுதான். அமைதியான காட்சிகளில் எல்லா டப்பிங்கும் நன்றாகத்தான் இருக்கும்.

அடுத்தது வேகம். மூலப் படத்தில் வாய் அசைவு ஏற்கெனவே வரையப்பட்டுவிட்டது. ஆங்கிலப் பாத்திரம் "ஐ கான்ட்" என்று இரண்டு அசையில் முடித்துவிடும். தமிழில் "என்னால முடியாது" என்றால் ஏழு அசை. அந்தச் சின்ன வாய் அசைவுக்குள் ஏழு அசையைத் திணிக்க வேண்டும். நல்ல வசனகர்த்தா "முடியாது" என்றோ "ம்ஹூம்" என்றோ எழுதிவிடுவார். மற்றவர்கள் முழு வாக்கியத்தையும் எழுதிக் கொடுத்துவிடுவார்கள், குரல் கொடுப்பவர் மூச்சு விடாமல் ஓட்டுவார். நடுக்காட்சியைக் கேட்கும்போது, அந்த வேகத்தில் நீங்கள் உங்கள் பிள்ளையிடம் பேசுவீர்களா என்று நினைத்துப் பாருங்கள்.

மூன்றாவது, குரலை வைத்தே ஆளைச் சொல்ல முடிகிறதா? கண்ணை மூடியபடி, இப்போது பேசுவது யார், அதற்கு முன் பேசியது யார் என்று சொல்லிப் பாருங்கள். ஒரே ஆள் மூன்று பாத்திரத்துக்குக் குரலை லேசாக மாற்றிப் பேசியிருந்தால் உங்களுக்கே குழப்பமாகும். கார்ட்டூன் முகம் என்றால் புருவமும் வாயும் பாதிக் கதையைச் சொல்லிவிடும், பரவாயில்லை. நிஜ விலங்கு போலவே உருவாக்கிய படங்களில் அந்த உதவி இல்லை. 2019இல் வந்த தி லயன் கிங் அப்படிப்பட்டது. சிங்கத்தின் முகம் சிங்கத்தின் முகமாகவே இருக்கும், கோபமா வருத்தமா என்று பார்த்துச் சொல்வது கடினம். தமிழில் சிம்பாவுக்குச் சித்தார்த்தும் ஸ்காருக்கு அரவிந்த்சாமியும் பேசியிருக்கிறார்கள். இருவர் குரலும் நன்றாகவே வேறுபடுவதால் எது எந்தச் சிங்கம் என்ற குழப்பம் குறையும். நட்சத்திரங்கள் குரல் கொடுத்தாலே நல்ல டப்பிங் என்று இதற்குப் பொருள் இல்லை. பிள்ளைக்கு அரவிந்த்சாமி யாரென்றே தெரியாது. குரல் வேறாக இருக்கிறதா என்பது மட்டும்தான் அதற்குக் கணக்கு.

கடைசியாக, எந்தத் தமிழ் பேசுகிறார்கள் என்று கவனியுங்கள். "நான் சென்று அவனை அழைத்து வருகிறேன்" என்று பேசும் படங்கள் உண்டு. "நான் போய் அவனக் கூட்டிட்டு வர்றேன்" என்று பேசும் படங்களும் உண்டு. ராஜா, சூனியக்காரி, பழங்காலக் கோட்டை என்று வந்துவிட்டால் எழுதுகிறவருக்கு நாடகத் தமிழ் தானாக வந்துவிடுகிறது. வீட்டில் அப்படி யாரும் பேசுவதில்லை. எழுத்துத் தமிழைப் பிள்ளை பள்ளிக்குப் போன பிறகுதான் அதிகமாகக் கேட்கும். மூன்று நாலு வயதில் "சென்று", "அழைத்து" எல்லாம் பாதி வேற்றுமொழி மாதிரிதான். முதல் ஐந்து நிமிடத்தில் கதைசொல்லி மட்டும் அப்படிப் பேசி, பிறகு எல்லோரும் சாதாரணமாகப் பேசினால் கவலை இல்லை. படம் முழுக்க அப்படியே என்றால் இரண்டு வருடம் தள்ளிப் போடுங்கள். வீட்டுக்கு வெளியே தமிழ் கேட்க வாய்ப்பில்லாத நாட்டில் வளரும் பிள்ளைக்கு இது இன்னும் பொருந்தும்.

இதற்கு நேர் எதிரான இன்னொரு வகை, சினிமா பஞ்ச் வசனங்களை அள்ளித் தெளிக்கும் டப்பிங். நரி ரஜினி மாதிரி பேசும், வாத்து வடிவேலு மாதிரி அலறும். எனக்கு அது மிகவும் பிடிக்கும், மறைக்கவில்லை. ஆனால் கேட்கும்போது ஒன்றைப் பாருங்கள். மூலத்தில் "சாவி அந்த மரத்துக்கு அடியில் இருக்கிறது" என்று வந்த இடத்திலும் பஞ்ச் வசனம் போட்டிருந்தால், பெரியவர்கள் சிரிப்பார்கள், பிள்ளைக்குச் சாவி எங்கே என்றே தெரியாது.

3. பாட்டு தமிழில் இருக்கிறதா

பேச்சைத் தமிழாக்கிவிட்டுப் பாட்டை ஆங்கிலத்திலேயே விட்டுவிடும் படங்கள் உண்டு. பாட்டைத் தமிழாக்குவது தனி வேலை. மெட்டுக்கும் வாய் அசைவுக்கும் சேர்த்துப் பாடலாசிரியர் எழுத வேண்டும், பாடகர் வேண்டும். அதனால் செலவு அதிகம்.

பாட்டு ஆங்கிலத்தில் இருந்தாலே அந்தப் படம் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். பாட்டில் கதை நகர்கிறதா என்று பார்க்க வேண்டும். கல்யாணத்தில் எல்லோரும் ஆடுகிறார்கள் என்றால் எந்த மொழியில் பாடினால் என்ன, பிள்ளையும் ஆடும். ஆனால் நாயகி வீட்டை விட்டுப் போக முடிவெடுப்பதே பாட்டில்தான் என்றால், மூன்று நிமிடம் கழித்து அவள் ஏன் காட்டில் நிற்கிறாள் என்று பிள்ளைக்குத் தெரியாது. ஒரு பாட்டுக்கு முன்னால் அரை நிமிடமும் முடிந்த பிறகு அரை நிமிடமும் பாருங்கள். இடமோ, ஆளின் மனமோ மாறியிருந்தால் அது கதை சொல்லும் பாட்டு. அதற்குத் தமிழ் வேண்டும்.

4. திரையில் எழுத்து வரும் இடங்கள்

கடிதம், செய்தித்தாள், போனில் வரும் மெசேஜ், "பத்து வருடங்களுக்குப் பிறகு" என்ற வரி, கடைப் பலகை. இவற்றை ஏதாவது ஒரு குரல் படித்துச் சொல்கிறதா? சில டப்பிங்கில் சொல்வார்கள், சிலவற்றில் கீழே தமிழில் எழுத்து மட்டும் போடுவார்கள். எழுத்து போட்டால் நமக்கு மகிழ்ச்சி, பிள்ளைக்கு ஒன்றுமில்லை.

ஒன்றிரண்டு இடமென்றால் நீங்களே பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிவிடலாம். அதற்கு மேல் என்றால் சரிவராது. போனும் கணினித் திரையுமாக நகரும் நகரத்துக் கதைகளில் இது அதிகம். காடு, கடல், பண்ணை என்று நடக்கும் கதைகளில் மிகக் குறைவு. விலங்குகள் கடிதம் எழுதுவதில்லையே. என் மகளுக்கு நான் முதலில் போட்ட நாலைந்து படங்களும் விலங்குப் படங்களாகவே அமைந்ததற்கு இதுதான் காரணம்.

5. சான்றிதழும் வசவும்

இந்தியாவில் திரையரங்குக்கு வரும் படத்தின் ஒவ்வொரு மொழி வடிவமும் தணிக்கைக்குத் தனியாகப் போக வேண்டும். 2024 நவம்பரிலிருந்து பழைய யு/ஏ பிரிவை 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். ஓடிடியில் 2021 விதிகளிலிருந்தே இப்படி வயது போட்டு வருகிறது. பிள்ளைகளுக்கு யு மட்டும் பார்த்தால் போதும் என்று நினைப்போம். யு என்றால் எல்லோரும் பார்க்கலாம், தடை இல்லை என்று மட்டுமே பொருள். மூன்று வயதுக்கு ஏற்றது என்று யாரும் உறுதி தரவில்லை.

வெளிநாட்டுப் பெற்றோர் எழுதும் விமர்சனங்களிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. அவர்கள் கேட்டது மூல ஒலியை. அதில் "யூ சில்லி" என்று இருந்தது தமிழில் "அட லூசு", "சனியனே" என்று மாறியிருக்கும். நகைச்சுவைப் பாத்திரம் பேசும் காட்சியை மட்டும் இரண்டு நிமிடம் கேட்டுவிடுங்கள், அங்கேதான் இதெல்லாம் வரும். எங்கள் வீட்டில் ஒரு வாரம் மகள் பாட்டியை "டேய் கிழவா" என்று கூப்பிட்டாள். பாட்டி என்பதால் கிழவா என்பது தவறு என்று அவளுக்கு விளக்கியதோடு அப்போது நிறுத்திக்கொண்டேன்.

6. எங்கே பயம், எங்கே நிறுத்துவது

குடும்பப் படங்களின் பெரும்பாலான கதைகள் ஒரே அச்சில் ஓடும். முக்கால் பாகத்தில் எல்லாம் கெட்டுப்போகும். நண்பன் செத்தது போலிருக்கும், அல்லது சண்டை போட்டுப் பிரிந்துவிடுவார்கள். பத்துப் பதினைந்து நிமிடத்தில் எல்லாம் சரியாகும். இதைத் தெரிந்து வைத்திருப்பது இரண்டு விதத்தில் உதவும். முன்பார்வைக்கு எங்கே போக வேண்டும் என்று தெரியும். எங்கே நிறுத்தக் கூடாது என்றும் தெரியும்.

நிறுத்தத்தான் வேண்டியிருக்கும். இரண்டிலிருந்து நாலு வயதுவரை உள்ள பிள்ளைகளுக்கு ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. குறைந்தால் இன்னும் நல்லது என்றும் சேர்த்துச் சொன்னது. படங்களோ தொண்ணூறு, நூறு நிமிடம். ஆக இரண்டு நாளாகப் பிரிக்க வேண்டும். அறுபதாவது நிமிடத்தில் நிறுத்தினால் சரியாகக் கதை கெட்டுப்போகும் இடத்தில் பிள்ளையைத் தூங்க அனுப்புவீர்கள். நாற்பதிலிருந்து ஐம்பது நிமிடத்துக்குள், எல்லோரும் ஓரிடத்தில் இளைப்பாறும் காட்சி ஒன்று இருக்கும். அங்கே நிறுத்துங்கள். முன்பார்வையிலேயே அந்த நிமிடத்தைக் குறித்து வைத்துக்கொண்டால், ரிமோட்டைப் பிடுங்கும் சண்டை வராது.

ஒரு படத்தை வைத்துப் பார்ப்போம்

2019இல் வந்த ஃப்ரோசன் 2 படத்தை எடுத்துக்கொள்கிறேன். 103 நிமிடம். அதில் வரும் அக்கா தங்கையில் அக்கா எல்சாவுக்குத் தமிழில் குரல் ஸ்ருதி ஹாசன். இதைப் பிள்ளைக்குப் போடலாமா என்று கேட்டவர் எனக்குத் தெரிந்த ஒருவர், அவருடைய பையனுக்கு நாலரை வயது.

தொடக்கத்தில் அப்பா ராஜா, படுக்கையில் இருக்கும் இரண்டு பெண் பிள்ளைகளுக்கு மாயக் காட்டின் கதையைச் சொல்கிறார். பிறகு அம்மா ஒரு தாலாட்டுப் பாடுகிறாள். நடந்ததையெல்லாம் நினைவில் வைத்திருக்கும் ஓர் ஆறு இருக்கிறது, அதில் ரொம்ப ஆழமாகப் போனால் மூழ்கிவிடுவாய் என்று அந்தத் தாலாட்டே எச்சரிக்கிறது. படத்தின் பின்பாதி முழுக்க அந்த ஆற்றைத் தேடிப் போவதுதான். எல்சா எச்சரிக்கையை மீறி ஆழத்துக்குப் போய் உறைந்து போகிறாள். ஆக அந்தப் பாட்டு, மூன்றாவது படியில் சொன்ன கதை சொல்லும் பாட்டு. அது தமிழில் கேட்டால்தான் பின்னால் நடப்பது புரியும். எல்சாவைக் கூப்பிடும் அந்த மர்மக் குரலுக்கு வார்த்தையே கிடையாது. அதற்கு மொழிச் சிக்கல் இல்லை, "யாரும்மா கூப்பிடுறா?" என்ற கேள்வி மட்டும் இருபது தடவை வரும்.

பெயர்கள் கடினம். அரண்டெல், நார்துல்ட்ரா, அட்டோஹாலன். படம் போடும் முன்பே "அட்டோஹாலன்னா மாய ஆறு" என்று ஒரு வரி சொல்லி வைத்தால் போதும், மற்ற இரண்டும் தெரியாவிட்டாலும் ஓடும். எழுத்து பெரிய தடையாக இல்லை. ஆனால் வேறொரு தடை இருக்கிறது. பழைய காலத்தில் நடந்தவை பனிச் சிலைகளாகவும் உருவங்களாகவும் வந்து நிற்கும். அந்தச் சிறுவனும் சிறுமியும்தான் அப்பா அம்மா என்று பிள்ளை தானாகக் கண்டுபிடிக்காது. முன்கதை, பின்கதை என்று மாறும் காட்சிகள் நாலு வயதுக்கு எட்டுவது கடினம். டப்பிங் எவ்வளவு நன்றாக இருந்தாலும் இதைச் சரிசெய்ய முடியாது.

பயம் எங்கே? பெற்றோர் போன கப்பல் உடைந்து கிடப்பதை அக்கா தங்கை கண்டுபிடிக்கும் இடம் ஒன்று. அதற்குப் பிறகு எல்சா உறைவதும், இருட்டுக் குகையில் தங்கையின் கையிலேயே ஓலாஃப் என்ற பனி பொம்மை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து காற்றில் போவதும் அடுத்தடுத்து வரும். பிறகு எல்சாவும் திரும்புகிறாள், ஓலாஃபும் திரும்புகிறது. ஆனால் அந்த இடைவெளி சின்னப் பிள்ளைக்கு நீளம். நிறுத்த ஏற்ற இடம், தீ கக்கும் குட்டிப் பல்லி எல்சாவிடம் சமாதானமாகி, காட்டு மக்களோடு எல்லோரும் உட்கார்ந்து பேசும் இடம். கப்பல் அதற்குப் பிறகுதான் வரும்.

நான் அவரிடம் சொன்னது இதுதான்: முழுப் படமும் ஆறு வயதில் போடுங்கள், முதல் பாகத்தைக் காட்டிவிட்டு. இப்போதே வேண்டும் என்று பையன் கேட்டால் தீப்பல்லி வரும் காட்சியையும் பாட்டுகளையும் மட்டும் போடுங்கள். நாலு வயதுக்கு ஏற்ற கதையின் அமைப்பு வேறு. ஒரே ஒருவர், ஒரே ஒரு தேடல், காலம் முன்னும் பின்னும் போகாமல் நேராக நடப்பது. தொலைந்த குட்டி வீட்டுக்குத் திரும்பும் கதை மாதிரி.

7. போடும் அன்றைக்கு

டிவியின் ஒலி அமைப்பில் பேச்சைத் தூக்கிக் காட்டும் முறை ஒன்று பெரும்பாலும் இருக்கும். Clear Voice, Speech, Dialogue என்று கம்பெனிக்குக் கம்பெனி பெயர் வேறு. அதைப் போடுங்கள். ஒலிப் பட்டியலில் தமிழ் இரண்டு இருந்து, ஒன்றில் 5.1 என்று போட்டிருந்தால், சாதாரண டிவிக்கு மற்றதை எடுங்கள். 5.1இல் பேச்சு நடு ஸ்பீக்கருக்கென்று தனியாக வைக்கப்பட்டிருக்கும். அந்த ஸ்பீக்கர் இல்லாத டிவியில் அது இசையோடு கலந்து மங்கிவிடுவது உண்டு. ஆரம்பத்தில் நான் சொன்ன இடி முழக்கத்துக்குப் பாதிக் காரணம் இதுவாகத்தான் இருந்திருக்கும். பிறகு மாற்றிப் போட்டுப் பார்த்தபோது "வரமாட்டாங்க" ஓரளவு கேட்டது. சப்டைட்டிலை அணைத்துவிடுங்கள், பிள்ளைக்காக இல்லை, உங்களுக்காக. அது ஓடினால் நீங்கள் கேட்பதை நிறுத்திவிடுவீர்கள், பிள்ளைக்கு எது கேட்கவில்லை என்று உங்களுக்குத் தெரியாமல் போகும்.

பதினைந்து நிமிடம் ஓடிய பிறகு ஒரு தடவை நிறுத்திக் கேளுங்கள். "புரியுதா?" என்று மட்டும் கேட்காதீர்கள், எந்தப் பிள்ளையும் "ம்" என்றுதான் சொல்லும். "இப்ப இவங்க எங்க போறாங்க?" என்று கேளுங்கள். பதில் வந்தால் தொடரலாம். "அங்க" என்று திரையைக் காட்டினால், பின்னால் ஓட்டி அந்த வாக்கியத்தை நீங்கள் ஒருமுறை உங்கள் வீட்டுத் தமிழில் சொல்லுங்கள். அப்புறமும் இரண்டாவது தடவை "அங்க" என்று வந்தால், அன்றைக்கு அந்தப் படத்தை நிறுத்திவிட்டு, தலைப்புக்குப் பக்கத்தில் ஒரு வருடம் தள்ளித் தேதி எழுதி வைத்துக்கொள்கிறேன். என் போனில் அப்படி ஒன்பது படங்கள் காத்திருக்கின்றன.